யார் முதலில் நிறுத்தியது?

ஜாசின் பக்கம் ஒரு தாமானில் முன்னாள் தோட்டக் கிராணி ஒருவரின் வீடு. மகன் வாங்கிய மின்சாரக் கார் போர்டிகோவில் நிற்கிறது. சுவரில் 7 கிலோவாட் சார்ஜிங் பெட்டி. இரவு பத்து மணிக்குச் செருகினால் முக்கால் மணி நேரத்துக்குள் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் நின்றுவிடுகிறது. கார் பட்டறையில் கேட்டால் வீட்டு வயரிங்கில் கோளாறு என்கிறார்கள். வயரிங் போட்டவரைக் கேட்டால் கார்தான் காரணமாம்.

நான் கூடப்போன வயர்மேன் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று வைத்திருப்பவர். புக்கிட் ஆசஹான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, லயத்து வீடுகளுக்குக் கரண்டு வேலை செய்தே தொழில் பழகியவர். அவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. கிராணியிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஐயா, நின்ன உடனே பெட்டியில என்ன வெளிச்சம் இருந்துச்சு? சரியா ஞாபகம் பண்ணிச் சொல்லுங்க."

அந்தக் கேள்வியில்தான் பாதித் தொழில் இருக்கிறது. சுவரில் இருப்பதை நாம் சார்ஜர் என்கிறோம். உண்மையில் அது காவல் வைத்த ஒரு சுவிட்ச். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி பேட்டரிக்கு ஊட்டும் சார்ஜர் காருக்குள்ளேதான் இருக்கிறது. இரண்டும் கேபிளில் ஓடும் ஒரு மெல்லிய சமிக்ஞைக் கம்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன. கார் இணையாதபோது அதில் 12 வோல்ட். செருகியதும் 9. 'எனக்குக் கரண்டு கொடு' என்று கார் கேட்கும்போது 6. அதனால் சார்ஜ் நடுவில் நின்றால், யார் முதலில் நிறுத்தியது என்பதைப் பெட்டியின் விளக்கே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 'கார் இணைந்திருக்கிறது, காத்திருக்கிறது' என்ற நிறத்துக்குத் திரும்பியிருந்தால் நிறுத்தியது கார். கேபிள் செருகியபடியே இருக்க, 'கார் இல்லை' என்ற நிறம் வந்தால் சமிக்ஞைக் கம்பியின் தொடர்பு அறுந்திருக்கிறது. செருகியையும் கேபிளையும் பார்க்க வேண்டும். கோளாறு நிறம் என்றால் பெட்டி எதையோ கண்டு தானே நிறுத்தியிருக்கிறது. விளக்கே எரியவில்லை என்றால் டிபி பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கும். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கையேட்டைத் தூக்கிப் போட்டவர்கள் பாடு கஷ்டம்தான்.

சாதாரண மல்டிமீட்டரை வைத்து இந்த 6 வோல்ட்டைத் தேடக்கூடாது என்றும் சொன்னார். சார்ஜ் நடக்கும்போது அந்தச் சமிக்ஞை வினாடிக்கு ஆயிரம் முறை மேலும் கீழும் துடிக்கிறது. மீட்டர் அதன் சராசரியைக் காட்டும், பார்ப்பவர் தலை சுற்றும். அவரிடம் கையடக்க அலைகாட்டி ஒன்று இருக்கிறது.

கிராணி வீட்டில் எரிந்தது கோளாறுச் சிவப்பு. ஆக, நிறுத்தியது பெட்டி. காரைப் பழிசொல்ல முடியாது. அடுத்து, காரின் திரையில் மின்னோட்டத்தை 32 ஆம்பியரிலிருந்து 16-க்குக் குறைத்து அன்றிரவு விட்டுப் பார்க்கச் சொன்னார். விடியும்வரை நிற்காமல் ஓடியது. மின்னோட்டம் பாதியானால் இணைப்புகளில் எழும் சூடு கால்வாசியாகக் குறையும். முழு வேகத்தில் முக்கால் மணி நேரத்தில் நிற்பது, பாதி வேகத்தில் நிற்காதது என்ற இரண்டையும் சேர்த்தால் சந்தேகம் சூட்டின் மேல்தான் விழும். மண்கசிவாக இருந்தால் பெரும்பாலும் செருகிய சில வினாடிகளிலோ மழையில் நனைந்த நாளிலோ நின்றிருக்கும்.

மறுநாள் முழு வேகத்தில் ஓடவிட்டு அளந்தார். டிபி பெட்டியில் 234 வோல்ட். 25 மீட்டர் தள்ளி, சார்ஜிங் பெட்டிக்குள் கம்பி நுழையும் முனையைத் தாண்டிய இடத்தில் 226.8. இடையில் 7.2 வோல்ட் காணவில்லை. 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு மீட்டருக்கு, ஒரு ஆம்பியருக்கு 7.3 மில்லிவோல்ட் குறையும் என்பது கணக்கு. 25 மீட்டருக்கு 32 ஆம்பியரில் 5.8 வோல்ட்தான் போக வேண்டும். மீதி 1.4 எங்கே? மீட்டரின் ஒரு முனையை நியூட்ரல் கம்பியிலும் மறுமுனையை அது பொருந்தும் உலோகத்திலும் வைத்தார். 1.4 என்று காட்டியது. லைவ் பக்கம் அதே சோதனையில் ஏறக்குறைய பூஜ்யம்.

1.4 வோல்ட்டை 32 ஆம்பியரால் பெருக்கினால் 45 வாட். ஒரு சாலிடரிங் அயர்னை அந்தச் சின்னப் பெட்டிக்குள் மூடி வைத்த மாதிரி. உள்ளே இருக்கும் வெப்ப உணரி நியாயமாகத்தான் நிறுத்தியிருக்கிறது.

டிபியில் பிரேக்கரை இறக்கி, கரண்டு இல்லை என்று சோதித்துவிட்டுத் திருகைக் கழற்றினார். கம்பியின் ரப்பர் உறை விரலளவு நீளத்துக்குப் பழுப்பேறி இருந்தது. பல இழைக் கம்பியை நுனியில் ஃபெரூல் மாட்டாமல் அப்படியே திருகின் கீழ் நுழைத்திருக்கிறார்கள். "கெத்தல் அஞ்சு நிமிஷம் கொதிக்கும், ஓய்வெடுக்கும். இது அஞ்சாறு மணி நேரம் முழு பாரம் இழுக்குது தம்பி. தினமும் சூடாகி ஆறுறதுல இழை தளர்ந்துபோச்சு" என்றார். கருகிய நுனியை வெட்டி, ஃபெரூல் அழுத்தி, பெட்டியில் குறித்திருந்த இறுக்க அளவுக்கு முறுக்குத் திருப்புளியால் இறுக்கினார். முனையின் பிளாஸ்டிக் உருகியிருந்தால் பலகையையே மாற்ற வேண்டியிருக்கும், உருகவில்லை. மறுபடி அளந்தபோது அந்த இடத்தில் 0.03 வோல்ட். பெட்டியின் முன்பக்கத்தை மூடிவிட்டு, பேட்டரி நிறையும்வரை உட்கார்ந்து கிராணியம்மாள் கொடுத்த வடையைத் தின்றோம்.

தோட்டத்துப் பழைய வீடுகளில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மூன்று முனை பிளக்கில் செருகும் கையடக்க சார்ஜர்தான். ஒரு வீட்டில் மாலை ஏழரைக்கு மேல் நிற்கும். நள்ளிரவில் செருகினால் நிற்காது. நேரத்தைக் கேட்டதுமே அவர் காருக்குப் போகாமல் மீட்டருக்குப் போனார். எல்லா வீட்டிலும் சமையல், குளிரூட்டி, தொலைக்காட்சி ஓடும் நேரத்தில் வரும் வோல்ட்டே 214. நம் நாட்டில் 230-லிருந்து 6 விழுக்காடு வரை இறங்கலாம், அதாவது 216 வரை. அதற்கும் கீழே கிடக்க, வீட்டுக்குள் நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பி இன்னும் சில வோல்ட்டைத் தின்றது. எக்ஸ்டென்ஷனை எடுக்கச் சொன்னார். மீட்டருக்கு அப்பால் உள்ளதில் அவர் கைவைக்க முடியாது. மூன்று மாலைகளின் அளவுகளை எழுதிக் கொடுத்து தெனாகாவிடம் புகார் செய்யச் சொன்னார். அதுவரை நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் செய்யலாம்.

காருக்குள் இருக்கும் சார்ஜரை அவர் திறப்பதே இல்லை. ஆரஞ்சு நிறக் கேபிள்களில் நானூறு வோல்ட் நேர்திசை மின்சாரம் இருக்கும்; அது பயிற்சி பெற்ற பட்டறைக்காரர்களின் வேலை. ஆனால் குற்றம் அங்கேதான் என்று நிரூபிக்கும் வேலையை அவர் செய்கிறார். அலோர் காஜாவில் ஒரு கார், எந்த ஏசி பெட்டியில் செருகினாலும் சிறிது நேரத்தில் 'காத்திருக்கிறது' நிறத்துக்கு வந்துவிடும். அண்டை வீட்டுக்காரரின் காரை அதே பெட்டியில் செருகினால் இரண்டு மணி நேரம் ஓடியது. பிறகு உரிமையாளர் நெடுஞ்சாலையோர டிசி வேகச் சார்ஜரில் போட்டுப் பார்த்தார், தடையே இல்லை. டிசி மின்சாரம் காரின் உள்சார்ஜரைத் தொடாமல் நேராக பேட்டரிக்குப் போகிறது. டிசி ஓடி, ஏசி எல்லா இடத்திலும் நின்றால் மிஞ்சுவது இரண்டுதான்: உள்சார்ஜர், அல்லது காரின் ஏசி செருகுவாயில் சூடேறும் முனை. பின்னதைச் சோதிக்க அவர் வெப்பமானியைச் செருகுவாயின் மேல் வைத்துப் பார்த்தார். கைச்சூட்டைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

பட்டறைக்கு அவர் எழுதிக் கொடுத்த தாளில் கருத்து எதுவும் இல்லை. தேதி, நிற்கும்போது இருந்த வோல்ட், சமிக்ஞை 6-லிருந்து 9-க்கு மாறிய நேரம், வேறு கார் ஓடியது, டிசி ஓடியது என்று ஐந்து வரி. "உள்சார்ஜர் போச்சுன்னு நான் எழுதினா, வயர்மேனுக்கு என்ன தெரியும்பாங்க" என்றார். அந்தத் தாளைப் பார்த்த பிறகு 'வீட்டு வயரிங்கைச் சரிபாருங்கள்' என்ற பதில் வரவில்லை. உத்தரவாதத்தின் கீழ் காரை உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.