தொட்டிக்கரியும் உப்புத் தண்ணீரும்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மணல், ஜல்லி, கரி வைத்து நீர் வடிகட்டி செய்வது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேப்பில் ஷேடு பார்த்தே தலை நரைத்தவர். நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். பாடப்புத்தகப் படத்தைக் காட்டியதும், "படம் சரிதான் அம்மணி. ஆனா இது எதை நிறுத்தும், எதை விட்டுரும்னு சொல்லலியே" என்றார்.

முதல் வேலை கழுவுவதுதான். மணலை வாளியில் போட்டுக் கையால் கலக்கிக் கலக்கி, மேலே நிற்கும் தண்ணீர் தெளியும் வரை ஊற்றிவிட வேண்டும். எம்-சாண்டு என்றால் கல்மாவு போக இன்னும் நேரமாகும். கரியையும் அப்படியே கழுவ வேண்டும். இல்லாவிட்டால் வடிகட்டியிலிருந்து முதலில் வருவது கறுப்புத் தண்ணீர்தான்.

இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை அறுத்துக் கவிழ்த்து, வாயில் பனியன் வேஸ்ட் துணியை அடைத்தோம். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்குக் கரி, அதே உயரத்துக்கு மணல், மேலே பொடி ஜல்லி. ஊற்றும் தண்ணீர் மணலைக் குழி பறிக்காமல் ஜல்லி பார்த்துக்கொள்ளும். மணல் கலங்கலை நிறுத்தும். கரைந்த நிறத்தைப் பிடிப்பது கரியின் வேலை.

அந்தக் கரி அடுப்புக்கரி இல்லை. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, அதன்மேல் 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளைத் திறந்துவிடுகிறது. ஒரு கிராம் கரிக்குள் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். சாய மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதைத்தான் பரப்பு கவர்தல் என்று படிக்கிறோம். ஒட்டுவதற்கு நேரம் வேண்டும். "தண்ணி கரியைத் தொட்டுட்டு ஓடக் கூடாது, நின்னு பேசிட்டுப் போவோணும்" என்பார் பெரியப்பா. மூடியில் சின்ன ஓட்டை மட்டும் போட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டோம். ஒழுக்கு வேகமானால் நிறமும் கூடவே வந்துவிடும். கரியைத் தட்டி இறுக்காமல் விட்டாலும், பாட்டில் சுவரோரம் வழி பிடித்துத் தண்ணீர் தப்பிவிடும்.

எந்த நிறத்தை ஊற்றுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பள்ளி லேப்பில் சுலபமாகக் கிடைப்பது மெத்திலீன் நீலம். அது நேர்மின்சுமை கொண்டது. மணல் பரப்போ எதிர்மின்சுமை கொண்டது. ஆகவே மணலே கொஞ்சம் நீலத்தைப் பிடித்துக்கொள்ளும், கரிக்குப் பேர் போய்ச் சேரும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை. மணல் அவற்றைச் சட்டை செய்யாது. அதே குணமுள்ள சிவப்பு கேசரிப் பவுடரைத் துளி கரைத்து, கரியுள்ள பாட்டிலிலும் கரியில்லாத பாட்டிலிலும் ஊற்றினோம். மணல் மட்டும் இருந்ததில் சிவப்பு அப்படியே இறங்கியது. கரி போட்டதில் தெளிந்த தண்ணீர் சொட்டியது.

இத்தோடு கைதட்டல் வாங்கிவிடலாம். பெரியப்பா விடவில்லை. அடுத்த லிட்டர் சிவப்புத் தண்ணீரில் 5 கிராம் சமையல் உப்பைக் கரைக்கச் சொன்னார். சாயத்தைத் துணியில் ஏற்றவே பட்டறையில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். அதில் பெரும்பகுதி கழிவோடுதான் வெளியேறும். ஊற்றுமுன் டிடிஎஸ் மீட்டர் 5000-ஐ ஒட்டிக் காட்டியது. வடிந்த முதல் டம்ளரில் வெகுவாகக் குறைந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "அதைக் கொட்டு. கழுவின தண்ணி கரிக்குள்ள மிச்சமிருந்து கலக்குது" என்றார். தொடர்ந்து வடித்தபோது மீட்டர் ஏறி மீண்டும் 5000-க்கே வந்து நின்றது. கண்ணாடி போன்ற தண்ணீர்; நாக்கில் தொட்டால் உப்பு கரிக்கும் என்பதை மீட்டரே சொல்லிவிட்டது.

நொய்யல் ஆற்றின் கதையும் இதுதான். பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் வயல் பிழைக்காது. மண்ணைக் கெடுத்தது உப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதில் உப்பைப் பிரிப்பது ஆர்ஓ சவ்வும், மிஞ்சும் நீரைக் காய்ச்சும் ஆவியாக்கிகளும். மின்சாரமும் விறகும் அங்கேதான் செலவாகின்றன.

மாடல் செய்யும் பிள்ளைகளுக்கு: கரியில்லாத பாட்டில் ஒன்றும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் பக்கத்தில் வையுங்கள். நிறம் மறுபடி வரத் தொடங்கினால் கரி நிரம்பிவிட்டது, மாற்றுங்கள். கிருமி இதில் சாகாது. வடிந்த தண்ணீரை யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.