விட்டுவந்த வேலையின் ஆறு இலக்கங்கள்

வேலையை விட்டு வரும்போது மேசைத் திறப்பைக் குடுத்துவிட்டு வரலாம். அடையாள அட்டை, சீருடை, கடையின் போன் எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவார்கள். ஆனால் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கம் அந்த இடத்தின் கணக்கொன்றுக்குள் இருந்தால், அதை யாரும் எண்ணுவதில்லை. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் மூன்று வருசம் வேலை செய்தேன். 2024 இல் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்தேன். அதற்குப் பிறகும் பல மாதங்களாக, நேரம் காலம் இல்லாமல் என் போனுக்கு இப்படியொரு மெசேஜ் வந்துகொண்டிருந்தது:

```
G-482910 is your Google verification code.
```

(இலக்கங்கள் நான் மாற்றிப் போட்டவை.)

விடுதிக்கு ஒரு ஜீமெயில் கணக்கு இருந்தது. அறை பதிவு செய்கிறவர்களின் மடல், கூகுள் வரைபடத்தில் விடுதியின் பக்கம், விருந்தினருக்கான பதில்கள் எல்லாம் அந்த ஒன்றுக்குள்தான். றிசெப்ஷனில் நிற்கிறவர்கள், கணக்கு எழுதுகிறவர், முதலாளி என்று நான்கைந்து பேருக்கு ஒரே பாஸ்வேர்ட். 2021 இல் அதைத் திறக்கும்போது இரண்டாவது சரிபார்ப்புக்கு ஒரு இலக்கம் கேட்டது. முதலாளியை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னார், "உம்மட நம்பரைப் போடும். நீர்தானே எந்த நேரமும் இஞ்ச நிக்கிறீர்." அப்போது அது உண்மைதான்.

றிசெப்ஷன் கொம்பியூட்டரில் ஒரு தடவை கோட் போட்டு, `Don't ask again on this device` என்பதையும் சரி பிடித்துவிட்டால் பிறகு அது கேட்காது. அதனால்தான் நான் போன பிறகும் முதல் இரண்டு மாதம் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கணக்கு எழுதுகிறவர் புதுப் போன் வாங்கினார், முதல் கோட் வந்தது. யாரோ உலாவியைத் துப்புரவாக்கினார்கள், அடுத்த கோட் வந்தது. ஒவ்வொரு முறையும் பின்னாலேயே ஒரு கோல்: "அக்கா, ஒருக்கா அந்த நம்பரைச் சொல்லுங்கோ." புதிதாக வேலைக்குச் சேர்ந்த தங்கச்சியை நான் நேரில் கண்டதே இல்லை. கோட் சொல்லிச் சொல்லியே பழகினோம்.

இதில் எனக்குச் செலவும் இருந்தது. கொழும்பில் நான் இருந்த அறையில் அந்தப் பழைய சிம்முக்குச் சிக்னல் சரியாக இல்லை. வேறு சிம் எடுத்தேன், ஆனால் பழையதை விட முடியவில்லை. றீலோட் போடாமல் விட்டால் இலக்கம் செத்துவிடும். செத்த இலக்கத்தை நிறுவனங்கள் பிறகு வேறு ஆளுக்குக் குடுக்கும். அப்படி நடந்தால் விடுதியின் கோட் எல்லாம் எங்கேயோ இருக்கிற ஒரு அந்நியருக்குப் போகும், விடுதிக்காரருக்கு அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. ஆக நான் வேலை செய்யாத ஒரு இடத்துக்காக என் காசில் ஒரு சிம்மை உயிரோடு வைத்திருந்தேன். அந்த இடம் என் கடைசி மாதச் சம்பளத்தையும் அதுவரை தரவில்லை.

சம்பளக் கதையைக் கேட்ட ஒரு சிநேகிதி சொன்னாள், "விசரே உனக்கு? காசு வரும்வரை கோட்டைக் குடாதை." இரண்டு நாள் நான் அதை நன்றாக யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோட் கிடைக்காவிட்டால் ஏச்சு வாங்கப்போவது சேர் இல்லை, அந்தத் தங்கச்சி. பதிவு செய்துவிட்டு வாசலில் வந்து நிற்கப்போவது யாரோ ஒரு குடும்பம். சம்பளத்துக்கு முறைப்பாடு செய்யத் தொழில் திணைக்களம் இருக்கிறது. அங்கே போகிற ஆளின் கையில் ஒரு பேரமும் இல்லாமல் இருப்பதுதான் நல்லது என்று எனக்குப் பட்டது. பாஸ்வேர்டும் எனக்குப் பாடம், கோட்டும் எனக்கே வரும். விரும்பினால் நானே உள்ளே போயிருக்கலாம். வேலையை விட்ட பிறகு அப்படிப் போனால் அது அனுமதியில்லாத நுழைவு. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் அது குற்றம்.

ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு கோட் வந்தது. ஒரு நிமிசத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து கோல். ஆண் குரல், மரியாதையான பேச்சு. தான் புதிய மனேஜர், விருந்தினர் ஒருவர் காத்திருக்கிறார், கோட்டை உடனே சொல்லும்படி கேட்டார். என் பெயரும் தெரிந்திருந்தது.

இந்த மெசேஜின் பெரிய குறை இதுதான். யார் கேட்டது, எந்தக் கருவியில், எந்த ஊரிலிருந்து என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆறு இலக்கம் மட்டும். போன் பண்ணிக் கோட் கேட்பவரை மோசடிக்காரர் என்று சந்தேகிக்கச் சொல்லி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஆனால் எங்கள் விடுதியின் அன்றாட வேலையே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நேர்மையான கோலும் களவான கோலும் கேட்க ஒரே மாதிரித்தான் இருக்கும். நான் "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டு, எனக்குப் பாடமான றிசெப்ஷன் இலக்கத்துக்கு எடுத்தேன். தங்கச்சிதான் நின்றாள். "இல்லையக்கா, இஞ்ச ஒருத்தரும் லொகின் பண்ணேல்லை. புது மனேஜரோ? அப்பிடி ஒராளும் இல்லை."

கோட் வரைக்கும் வந்திருக்கிறார் என்றால் பாஸ்வேர்ட் அவரிடம் இருந்திருக்கிறது. அது கொம்பியூட்டர்த் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருந்ததை நானே மூன்று வருசம் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த நாள் சேருக்கு எடுத்தேன். "அதுதான் நீர் குடுக்கேல்லையே, பிறகென்ன?" என்றார். நான் அந்த நேரம் பஸ்ஸில் நித்திரையாக இருந்திருந்தால், அல்லது சிம்மை விட்டிருந்தால் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் கோலில் இருந்து செய்வதென்று முடிவானது.

இப்படியான கணக்கைத் திருத்தும்போது ஒழுங்குதான் முக்கியம். வழமையாக ஆட்கள் முதலில் பாஸ்வேர்டை மாற்றுவார்கள், அல்லது போனவரின் இலக்கத்தை அழிப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றினால் ஏற்கனவே உள்ளே இருக்கிற கருவிகள் பெரும்பாலும் வெளியே விழும், திரும்ப உள்ளே வரக் கோட் கேட்கும், அந்தக் கோட் போவது போனவருக்கு. கையில் இருந்த ஒரே சொத்து, இன்னும் உள்ளே இருந்த அந்த றிசெப்ஷன் கொம்பியூட்டர். ஆகவே தங்கச்சியிடம் முதலில் சொன்னது, "ஒண்டையும் லொக் அவுட் பண்ணாதையுங்கோ."

அவள் `myaccount.google.com` திறந்து, `Security` பகுதிக்குள் `2-Step Verification` போனாள். பாஸ்வேர்ட் கேட்டது, பிறகு கோட்டும் கேட்டது. எனக்கு வந்தது, நான் வாசித்தேன். அதன் பிறகு சேரின் இலக்கத்தைச் சேர்த்தாள். அடுத்து `Authenticator` என்பதைத் தேர்ந்தால் ஒரு கியூஆர் சதுரம் வரும். அதைச் சேரின் போனும் விடுதியின் போனும் ஒரே நேரத்தில் ஸ்கான் பண்ணின. அப்படிச் செய்தால் இரண்டிலும் ஒரே ஆறு இலக்கம் காட்டும், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். சிம்மும் சிக்னலும் தேவையில்லை, ஒருவர் விலகினாலும் மற்றப் போனில் இருக்கும். கடைசியாக `Backup codes`: எட்டு இலக்கமுள்ள பத்துக் கோட், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அதை அச்சடித்துக் காசுப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன்.

அழிப்பதற்கு முன் சோதித்தோம். மறைநிலைச் சாளரம் ஒன்று திறந்து, புதிய ஆள் மாதிரி உள்ளே வந்து, விடுதிப் போனில் தெரிந்த கோட்டைப் போட்டாள். வேலை செய்தது. அதற்குப் பிறகுதான் என் இலக்கம்.

இங்கேதான் ஆட்கள் தவறவிடுவார்கள். என் இலக்கம் இரண்டு இடத்தில் இருந்தது. `2-Step Verification` க்குள் ஒன்று, `Recovery phone` என்று வேறாக இன்னொன்று. முதலாவதை மட்டும் அழித்தால், பாஸ்வேர்ட் மறந்த ஒருநாள் கணக்கை மீட்கும் வழி திரும்பவும் என்னிடம்தான் வந்து நிற்கும். இரண்டையும் மாற்றினோம். மீட்பு இலக்கத்தை மாற்றினாலும் 7 நாளுக்குப் பழைய இலக்கத்துக்குக் கோட் அனுப்பும் வழியைக் கூகுள் திறந்து வைத்திருக்கலாம். கணக்கைத் திருடியவர் உடனே இலக்கத்தை மாற்றினால் உரியவர் திரும்பி வருவதற்கான வழி அது. ஆகவே சிம்மை அன்றே தூக்கி எறியவில்லை, இன்னும் ஒரு கிழமை வைத்திருந்தேன். பிறகுதான் பாஸ்வேர்ட் மாற்றம். `Your devices` பட்டியலில் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு பழைய போனையும் நீக்கினாள். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிசம் வந்திருக்காது.

அந்தக் கொம்பியூட்டரும் வெளியே வந்திருந்தால் கதை வேறு. மீட்புப் பக்கத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும், வழமையாகப் பாவித்த கொம்பியூட்டர், வழமையான உலாவி, வழமையான இடத்திலிருந்து செய்யவேண்டும். அப்படிச் செய்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. காசு கட்டும் வேர்க்ஸ்பேஸ் கணக்கென்றால் நிர்வாகி ஒருவர் ஊழியருக்கு மாற்றுக் கோட் எடுத்துக் குடுக்கலாம். இலவச ஜீமெயிலுக்கு அப்படி ஒரு நிர்வாகி இல்லை.

உண்மையில் பாஸ்வேர்டைப் பகிரவே தேவையில்லை. ஜீமெயில் அமைப்புகளில் `Grant access to your account` என்று ஒன்று இருக்கிறது. ஊழியர் தன் சொந்தக் கணக்கால் வந்து விடுதியின் மடலை வாசிக்கலாம், பதில் போடலாம், பாஸ்வேர்டை மட்டும் மாற்ற முடியாது. அவர் விலகினால் பெயரை எடுத்துவிட்டால் சரி. வரைபடப் பக்கத்துக்கும் அப்படியே ஆட்களை நியமிக்கலாம். சேரிடம் சொன்னேன். "அதைப் பிறகு பாப்பம்" என்றார். பார்த்தாரோ தெரியாது. சம்பளம், திணைக்களத்திலிருந்து கடிதம் போன பிறகு இரண்டு தவணையாக வந்தது.

அந்தச் சனிக்கிழமை இரவே தங்கச்சி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். "பிரிண்ட் எடுத்தாச்சு அக்கா, பெட்டிக்குள்ள வைச்சிட்டன்." பெரிதாக்கிப் பார்த்தேன். பத்துக் கோட்டும் வடிவாக, எழுத்துத் தெளிவாக இருந்தது. உடனே கோல் எடுத்து, `Get new codes` அமத்தச் சொன்னேன். அதை அமத்தினால் பழைய பத்தும் செல்லாது. புதியதை அச்சடித்தபிறகு படம் அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். "ஐயோ அக்கா," என்று சிரித்தாள்.