64 வீதத்துக்கு ஒரு பதில் கடிதம்

என்ட கட்டுரை யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரைப் பற்றியது. இரண்டாயிரம் சொல், ஆங்கிலத்தில். ஒப்படைத்து ஒன்பதாம் நாள் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கட்டுரையில் 64 வீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியதாக மென்பொருள் காட்டுகிறதாம். புள்ளி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, பத்து நாளுக்குள் எழுத்தில் முறையிடலாம்.

அதைப் பார்த்ததும் அறைத் தோழி சொன்னாள்: "வேற ரெண்டு மூண்டு இணையத்தளத்தில போட்டுப் பார். குறைஞ்ச வீதம் வாறதை அனுப்பு." நான் அதைச் செய்யவில்லை. ஒரு கருவி 64 என்று சொல்வதை நம்பாதீர்கள் என்று கேட்டுவிட்டு, இன்னொரு கருவி 8 என்று சொல்வதை நம்புங்கள் என்று எப்படிக் கேட்பது?

அந்த 64 எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் தேடினேன். பொதிகளை ஒப்பிடும் பழைய அறிக்கை, இந்த வரி இந்த நூலில் இருக்கிறது என்று மூலத்தைக் காட்டும். நீங்கள் போய்ப் பார்க்கலாம். இது அப்படியில்லை. அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது என்பது போன்ற சாயல்களை வைத்துப் போடும் ஒரு மதிப்பீடு. பின்னால் திறந்து பார்க்க ஒரு மூலமும் இல்லை. தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு வந்த எங்களுக்கு ஆங்கிலத்தில் தெரிந்த சொல் கொஞ்சம், துணிந்து எழுதும் வாக்கிய அமைப்பு அதைவிடக் கொஞ்சம். பிழை விடாமல் எழுதப் பார்ப்போம், ஆகவே எல்லாரும் எதிர்பார்க்கிற சொல்லையே போடுவோம். 2023இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 வீதமானவை இயந்திரம் எழுதியவை என்று பிழையாகக் குறிக்கப்பட்டன. அதே ஆண்டு யூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனம், துல்லியம் போதாது என்று தன்னுடைய கண்டறியும் கருவியையே மீளப்பெற்றது.

கடிதத்தில் இதற்கு ஒரு பந்திதான் கொடுத்தேன். கருவி பிழைவிடும் என்று காட்டினால், என்னுடையதிலும் விட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வரும், அவ்வளவுதான். கட்டுரையை நான் எழுதினேன் என்பதை அது காட்டாது. அதைக் காட்ட வேண்டியது வரைவுகள்.

நான் இணைத்தவை மூன்று. முதலாவது, கொப்பியில் தமிழில் எழுதிய ஆறு பக்கத்தின் படங்கள். இரண்டாவது, கூகுள் டொக்ஸில் 19 நாள் எழுதியதன் பதிப்பு வரலாறு. மூன்றாவது, வாசித்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகளில் நான் கோடிட்ட பக்கங்கள்.

எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். அதனால் ஒரு பந்தியை மட்டும் எடுத்து, அது எப்படி வளர்ந்தது என்று கடிதத்தில் எழுதினேன். மென்பொருள் முழுதாக நிறம் பூசியிருந்த நாலாம் பந்தியையே எடுத்தேன்.

கொப்பியில் அது உரும்பிராயில் இருக்கிற அம்மம்மாவின் கதையாகத் தொடங்குகிறது. "துலா மிதிச்சு பட்டையால இறைக்கேக்க, காலமை இறைச்சால் பின்னேரம் கிணறு ஊறியிருக்கும். மிசின் வந்தாப் பிறகு தண்ணி சவர்ப்பாப் போச்சு." இதை அவ சொன்னபடியே எழுதி வைத்திருந்தேன். அடியில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: "கூட இறைச்சால் குறையத்தானே வேணும், ஏன் உப்பாகுது?"

டொக்ஸில் முதல் நாள் பதிப்பில் அம்மம்மாவின் கதை ஆங்கிலத்தில் இருக்கிறது. காரணம் வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறியும் கேள்விக்குறியும் மட்டும். ஐந்து நாள் அது அப்படியே கிடக்கிறது. ஆறாம் நாள் இரவு அந்த இடத்தில் மூன்று வாக்கியங்கள் வருகின்றன. குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லை போலக் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே மட்டம் இறங்க இறங்க, கீழேயிருந்து உவர்நீர் பல மடங்கு ஏறிவரும். இணைத்த ஆய்வுக் கட்டுரையில் நான் கோடிட்டிருந்த பக்கம் இதுதான். பதினொராம் நாள் இந்த மூன்று வாக்கியங்கள் பந்தியின் தொடக்கத்துக்குப் போகின்றன, அம்மம்மா கீழே வருகிறா. பதினாலாம் நாள் "மிசின்" என்பதை "நீர்ப்பம்பி" என்று மாற்றியிருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு விபரமாகக் காட்டவேண்டும்? நேரமுத்திரை மட்டும் போதாது என்பதால். எங்கேயோ எடுத்த கட்டுரையைப் பார்த்து மெதுவாகத் தட்டச்சு செய்தாலும் பதிப்பு வரலாறு 19 நாள் என்று காட்டும். ஆனால் பார்த்துத் தட்டுகிறவர் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் போவார். ஒரு கேள்விக்குறியை ஐந்து நாள் விட்டுவைத்து, விடை கிடைத்தபின் பந்தியையே தலைகீழாக்க மாட்டார். குழு பார்க்கவேண்டியது அந்த அசைவைத்தான் என்று கடிதத்தில் நேரடியாகவே எழுதினேன்.

வேறு இரண்டு வரியும் சேர்த்தேன். எழுத்துப்பிழை திருத்தியும் தமிழ்-ஆங்கில அகராதிச் செயலியும் பாவித்தேன், வேறொன்றும் இல்லை என்பது ஒன்று. கட்டுரையைப் பற்றி நேரில் கேட்டால் எந்த நாளும் வருவேன் என்பது மற்றது. விரிவுரையாளரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. முழுக் கடிதமும் ஒன்றரைப் பக்கம். முதல் வாக்கியத்திலேயே சுட்டெண், பாடக்குறியீடு, கேட்பது என்ன என்பது மூன்றும் வந்துவிட்டன.

அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். டொக்ஸ் இணைப்பைப் "பார்க்கலாம்" என்ற அனுமதியோடு அனுப்பினால், பெறுபவருக்குப் பதிப்பு வரலாறு தெரியாது. திருத்தும் அனுமதி இருந்தால்தான் தெரியும். கோப்பைத் தரவிறக்கி அனுப்பினாலும் வரலாறு கூட வராது, பிரதி எடுத்தால் பிரதிக்குப் புதிதாகத்தான் தொடங்கும். அதனால் `Version history` திறந்து, அந்தந்த நாள் பதிப்புகளைத் திகதி தெரியப் படம் எடுத்து இணைத்தேன். மூலக் கோப்புக்குத் துறைக்குத் திருத்தும் அனுமதியும் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே முக்கியமான கட்டங்களில் `Name current version` அழுத்திப் பெயர் வைத்துவிட்டால், பிறகு தேடுகிற வேலை குறையும். வேர்ட்டில் எழுதுகிறவர்கள் வன்தட்டில் மட்டும் சேமித்தால் இப்படியான வரலாறு இராது. வன்டிரைவில் வைத்து எழுதவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் வேறு பெயரில் சேமித்து வரவேண்டும்.

மூன்று கிழமை கழித்து நேரில் கூப்பிட்டார்கள். மூன்று பேர், இருபது நிமிடம். அவர்களில் ஒருவர் நாலாம் பந்தியைக் காட்டி, "இந்த வில்லையை வரைந்து காட்டுங்கோ" என்றார். வரைந்தேன். "உங்கட அம்மம்மாவின்ட கிணறு இதில எங்க வரும்?" என்று கேட்டார். கரையிலிருந்து தள்ளி, வில்லை தடித்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். அப்படியென்றால் அங்கே ஏன் சவர்த்தது என்று அடுத்த கேள்வி. சுற்றியுள்ள தோட்டக் கிணறுகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் இறைப்பதால், கிணற்றுக்கு நேர்கீழே உவர்நீர் கூம்பாக ஏறும் என்றேன். கொப்பியின் மூலத்தையும் புரட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை புள்ளி வந்தது, 71. கூட வந்த கடிதத்தில் "முறையீடு ஏற்கப்பட்டது" என்ற ஒரு வரி மட்டும். 64 எப்படி வந்தது என்று அதில் ஒன்றும் இல்லை. அந்த மென்பொருள் அறிக்கையின் அடியிலேயோ, இந்த வீதத்தை மட்டும் வைத்து மாணவர்மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அதே வகுப்பில் இன்னும் இரண்டு பேருக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. அவர்கள் ஒரே கோப்பில் எழுதி, ஒவ்வொரு முறையும் மேலெழுதிச் சேமித்தவர்கள். காட்ட வரைவு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருத்தி வாய்மொழிப் பரீட்சை கேட்டு எழுதியிருக்கிறாள். மற்றவன் முறையிடவேயில்லை.