இரண்டு புளிப்பு

எனக்குச் சொந்த ஊர் பனமரத்துப்பட்டி. அங்கே புளிப்பு ஒரு குறையல்ல. புளிச்சக்கீரைக் கடைசலும் முந்தின நாள் நீராகாரமும் புளித்தால்தான் ருசி. ஆனால் காப்பி புளிக்கிறது என்று அதே ஊரில் யாராவது சொன்னால், பால் திரிந்துவிட்டது, தம்ளரைக் கொட்டு என்றுதான் அர்த்தம். ஒரே சொல் சாப்பாட்டில் குணமாகவும் காப்பியில் குற்றமாகவும் இருப்பதை நான் வெகுநாள் கவனித்ததில்லை. கவனிக்க வைத்தது ஏற்காட்டில் ஒரு பகல்.

ஐரோப்பாவிலிருந்து காப்பி வாங்க வந்திருந்த ஒருவருக்கும், சேர்வராயன் மலையில் சில ஏக்கர் அரபிகா வைத்திருந்த பெரியவர் ஒருவருக்கும் இடையில் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். அந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இருநூறு வருஷமாகக் காப்பி விளையும் இடத்தில் காப்பி ருசிக்குச் சொற்கள் இல்லையே என்று வந்தவர் ஆச்சரியப்பட்டார். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 1940கள் முதல் 1990களின் நடுப்பகுதி வரை விளைந்த காப்பி அநேகமாக முழுவதும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் போய்ச் சேர்ந்தது. யாருடைய தோட்டம் என்பதே அதில் கரைந்துவிடும். விளைவித்தவனிடம் எடை கேட்டார்கள், ஈரம் கேட்டார்கள். உன் காப்பி எப்படி ருசிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எந்த பாஷையிலும் சொல் பிறப்பதில்லை.

ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் நாள் இளம் வறுவலாக வறுத்த கொட்டையைக் கொஞ்சம் கரகரப்பாக அரைத்து, ஒரே மாதிரியிலிருந்து ஐந்து கோப்பைகளில் தனித்தனியே போடுகிறார்கள். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள். கொதித்துச் சற்று ஆறிய, 93 டிகிரியளவில் உள்ள நீரை ஊற்றி நாலு நிமிஷம் விடுகிறார்கள். மேலே கட்டிய ஏட்டைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, நுரையை வழித்தெடுத்து, ஆறத் தொடங்கியதும் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சித் துப்புகிறார்கள். சூடு குறையக் குறைய அதே கோப்பைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். சூட்டில் மறைந்திருந்தது ஆறும்போது வெளியே வரும். ஐந்து கோப்பை எதற்கென்றால், கெட்ட கொட்டை ஒன்றிரண்டு இருந்தால் அது ஒரு கோப்பையில் மட்டும்தான் விழும். மற்ற நாலும் சுத்தமாக இருக்கும்.

பெரியவர் கரண்டியைத் தொடவில்லை. ஒரே கரண்டி கோப்பைக்குக் கோப்பை போவது அவருக்கு எச்சில். வெந்நீரில் அலசுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க பாருங்க தம்பி, நான் கேட்டுக்கிறேன்" என்று சுவரோரம் நின்றுகொண்டார். ஆக, அவர் தன் காப்பியை என் வாய்வழியாகத்தான் ருசித்தாக வேண்டும்.

முதல் சுற்றிலேயே வந்தவர் முகம் மலர்ந்தது. நல்ல அசிடிட்டி, பளிச்சென்று இருக்கிறது என்றார். நான் யோசிக்காமல், "புளிப்பு நல்லாத் தெரியுதுன்னு சொல்றாருங்க" என்றேன்.

பெரியவர் முகம் விழுந்துவிட்டது. சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "கடைசிப் பறிப்புங்க தம்பி. ஊட்டுல ஒரு சாவு. தொட்டியில ஒரு ராத்திரி கூட கெடந்துருச்சு. ரெண்டு மூட்டைதான்."

விஷயம் தெரியாதவர்களுக்காக: பறித்த பழத்தை அன்றே தோலுரித்து, வழுவழுப்போடு இருக்கும் கொட்டையைத் தொட்டியில் ஊற விடுவார்கள். அரபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம், குளிரையும் வெயிலையும் பொறுத்து. கையில் அள்ளித் தேய்த்தால் வழுக்காமல் கூழாங்கல் போல் நறநறக்க வேண்டும். அப்போதே கழுவிவிட வேண்டும். விட்டால் காடிப் புளிப்பு கொட்டைக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு காயவைத்தாலும் போகாது.

வந்தவர் புகழ்ந்தது பழத்தின் புளிப்பை. பெரியவர் ஒப்புக்கொண்டது தொட்டியின் புளிப்பை. இரண்டுக்கும் நடுவில் நான் வைத்தது ஒரே சொல். அவர் என்ன சொன்னார் என்று வந்தவர் என்னைப் பார்த்தார்.

அந்தக் கணத்தை இன்னும் என்னால் சரியாகத் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. என் பிழை இல்லாவிட்டால் அந்த வாக்குமூலமே வந்திருக்காது. அதை விழுங்கிவிடலாம், வந்தவருக்குத் தெரியாது. ஆனால் அவர் காசு கொடுக்கிறவர்; என் காதில் விழுந்தது அவருக்கும் உரியது. முதலில் பெரியவரிடம், "ஐயா, தப்பு என்னுது. அவர் குறை சொல்லலீங்க, சாத்துக்குடி மாதிரி இருக்குன்னு மெச்சுறாரு. நீங்க சொன்னதை அவருக்குச் சொல்லட்டுங்களா?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சொன்னது சொன்னதுதானுங்களே" என்றார். என் பிழையையும் சேர்த்தே வந்தவரிடம் சொன்னேன்.

அவர் மறுபடி குனிந்தார். கோப்பைகள் நன்றாக ஆறியிருந்தன. நாலாவது கோப்பையில் நின்று, இதில் இருக்கிறது என்றார். நானும் உறிஞ்சினேன். பழங்கஞ்சி வாடை. ஆனால் நான் சொல்லாமல் இருந்திருந்தால் இருவருக்கும் அது தட்டுப்பட்டிருக்குமா? தெரியாது. சொல் முதலில் போய் நாக்கில் உட்கார்ந்துகொள்கிறது.

மொத்தம் பதினோரு மூட்டை. கடைசி இரண்டும் அடுக்கில் தனியாக இருந்தன. மாதிரி எடுத்தபோதுதான் எல்லாவற்றிலிருந்தும் கலந்து எடுத்திருந்தார்கள். ஒன்பதிலிருந்து ஒரு மாதிரி, இரண்டிலிருந்து ஒரு மாதிரி என்று மறுபடி எடுத்து, எது எதுவென்று எனக்கும் சொல்லாமல் மறுநாள் வைத்தார்கள். ஒன்றில் ஐந்து கோப்பையும் சுத்தம். மற்றதில் மூன்று காடி. ஒன்பது மூட்டை நல்ல விலைக்குப் போயிற்று. இரண்டு மூட்டை உள்ளூர் வியாபாரியிடம் வழக்கமான விலைக்கு. கலந்தே போயிருந்தால் வாங்கினவருடைய ஊரில் ஐந்தில் ஒரு கோப்பை நாறி, பதினொன்றும் பழிபட்டிருக்கும் என்று பிறகு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பெரியவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இந்த வேலைக்குப் போகும்போது ஒரு தட்டு வைக்கச் சொல்கிறேன். சாத்துக்குடிச் சுளை, நாரத்தை, மாங்காய்க் கீற்று, புளி, கொஞ்சம் காடி. வந்தவர் புளிப்பு என்று எதைச் சொன்னாலும், இதில் எது என்று விரலைக் காட்டச் சொல்கிறேன். அதற்கும் முன்னால், குணமா குற்றமா என்று கேட்டுக்கொள்கிறேன். இதை முதலில் கேட்காவிட்டால் மண் வாசனையில் மாட்டிக்கொள்வோம். அவர்கள் மண் வாடை என்றால் காப்பி கழிக்கப்பட்டது என்று பொருள். நமக்கோ முதல் மழை. அதைவிட மோசம் செர்ரி. நம்மூர் வியாபாரத்தில் பழத்தோடு உலர்த்திய கொட்டைக்கு அது பெயர். அவர்களுக்கு மரத்திலுள்ள பழம். சில சமயம் கோப்பையில் தெரியும் ஒரு ருசி.

தட்டில் வைக்க முடியாததும் இருக்கிறது. அவர்களுடைய காட்டுப் பழங்களை நாங்கள் தின்றதில்லை. ஒரு பெண்மணி தன் காப்பியில் பலாச்சுளை மணக்கிறது என்றபோது வந்தவர் விழித்தார். அங்கே மொழிபெயர்ப்பு நின்றுவிடுகிறது. நிற்கிறது என்று சொல்லிவிடுவதே நேர்மை.

கவிதைகளைப் பற்றி எழுதும்போது ஆழம், அடர்த்தி, இறுக்கம் என்று நானும் எழுதியிருக்கிறேன். ஒருவர் குணமாகச் சொன்னதை இன்னொருவர் குற்றமாகக் கேட்டிருக்கக்கூடும். அங்கே யாரும் தட்டு வைப்பதில்லை. சுவரோரம் நிற்கிறவர் முகம் விழுவதை நாம் பார்ப்பதுமில்லை.