ஒரே எண்ணெய், மூன்று கணக்கு

திண்டிவனத்தில் நாங்கள் ஆட்டும் செக்குக் கடலை எண்ணெய் லிட்டருக்கு பாட்டிலோடு 220 ரூபாய் அடக்கம். விலை 300. விழுப்புரம் கடைக்காரருக்கு 45 ரூபாய் கழிவு போனால் 35தான் நிற்கும். ஆன்லைனிலும் கண்காட்சியிலும் 80 நிற்கிறதே என்று கடைக்குப் போடுவதையே நிறுத்தப் பார்த்தேன்.

"வழியில போற காசையும் எழுதுங்க" என்றார் மனைவி. எழுதினோம்.

ஆன்லைனில் ஒரு லிட்டர் அனுப்பினால் பெட்டி, கூரியர் 65, பணம் வாங்கும் கழிவு 6. மிஞ்சியது 9 ரூபாய். இரண்டு லிட்டர் சேர்த்து அனுப்பினால் பெட்டியும் கூரியரும் 90, கழிவு 12. லிட்டருக்கு 29 மிஞ்சியது.

கண்காட்சியில் இட வாடகை, வண்டி, எங்கள் இருவர் கூலி சேர்த்து நாளுக்கு 2,000. ஐம்பது லிட்டர் விற்ற நாளில் லிட்டருக்கு 40 மிஞ்சியது. மழை நாளில் 15 லிட்டர்தான் போனது. 800 ரூபாய் கைநஷ்டம்.

கடையை விடவில்லை. அங்கே மழையானாலும் 35 நிற்கும். ஆனால் பணம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதால், கடலை வாங்கும் முதலைத் தனியே வைக்கிறோம். ஆன்லைனில் இரண்டு லிட்டருக்குக் குறைந்து அனுப்புவதில்லை. 2,000ஐ 80ஆல் வகுத்தால் 25. அத்தனை லிட்டர் போகாது என்று தெரிந்தால் கண்காட்சிக்கு இடம் பிடிப்பதில்லை.