சாம்பிளும் சரக்கும்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் சாம்பார் பொடி அரைத்து மாட்டுங்கா கடைகளுக்குப் போடும் ஒரு பெண், ஜெர்மனியிலிருந்து சாம்பிள் கேட்கிறார்கள் என்று செம்பூரில் என் வீட்டுக்கு வந்தாள். சுங்க ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தவன் என்பதால் பலரும் இப்படி என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

"நல்ல மிளகாயாப் பொறுக்கி, தனியா அரைச்சு அனுப்பட்டுமா, அண்ணாச்சி?" என்றாள். அது மட்டும் வேண்டாம் என்றேன். வாங்குபவர் அந்தப் பொட்டலத்தை வைத்துத்தான் பின்னால் வரும் சரக்கைப் பார்ப்பார். வழக்கமாக அரைக்கும் ஈட்டிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு பங்கு அவருக்கு, ஒரு பங்கு ஆய்வகத்துக்கு; இன்னொரு பங்கு, தேதியும் ஈடு எண்ணும் எழுதி, முத்திரை போட்டு நம் அலமாரியில் இருக்கட்டும். தகராறு வந்தால் எடுத்துக் காட்ட நம் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

மிளகாயில் பெரிய ஆபத்து அஃப்ளாடாக்சின். சரியாகக் காயாத காயில் பிடிக்கும் பூஞ்சை விடும் நஞ்சு அது. அரைத்த பிறகு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. வறுத்தாலும் முழுக்கப் போகாது. மிளகாய்க்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம். ஒரு மூட்டையில் சில காய்கள் மட்டும் கெட்டிருக்கும் என்பதால், மேலாக ஒரு பிடி அள்ளிச் சோதித்தால் தப்பிவிடும். வாஷி மார்க்கெட்டில் வாங்கும்போதே காயை ஒடித்து உள்ளே பூசணம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனாலும், மூட்டைக்கு மூட்டை எடுத்துக் கலந்து ஆய்வகத்தில் கொடுத்து, அதன் சீட்டு வராமல் அந்த ஈட்டை அரைக்கக் கூடாது. சாம்பிளுக்கு ஒரு தடவை செய்த சோதனை அடுத்த ஈட்டுக்குச் செல்லாது.

காகிதம் நினைப்பது போல மலை இல்லை. பான் கார்டை வைத்து டிஜிஎஃப்டியில் ஐஇசி எண் வாங்க 500 ரூபாய். ஒன்றும் மாறாவிட்டாலும் வருடா வருடம் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே அதை உறுதி செய்யாவிட்டால் முடங்கிவிடும். மசாலாவுக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமமும் வேண்டும். பலர் கோட்டை விடுவது வங்கியின் ஏடி கோடில்தான். சரக்கு போகும் துறைமுகத்தில் அதைப் பதியாவிட்டால் ஷிப்பிங் பில் போட முடியாது, பெட்டி நவசேவாவில் காத்துக் கிடக்கும்.

வாங்குபவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும். சாம்பிளின் கூரியர் செலவை அவரே ஏற்கட்டும் என்று எழுதச் சொன்னேன். உண்மையாக வாங்க வந்தவர் அதற்குத் தயங்குவது அபூர்வம். முதல் ஆர்டரைச் சிறிதாக வைத்து, ஒரு பங்கை முன்பணமாகவும் மீதியை பில் ஆஃப் லேடிங் நகலைக் காட்டிய பிறகும் வாங்கலாம். அசல் வங்கி வழியாகப் போகட்டும். கடன் கேட்டால், அந்தக் கம்பெனியின் பேரில் நமக்குக் காப்பீடு தருவார்களா என்று முதலில் இசிஜிசியில் விசாரிக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் நாமும் மறுத்துவிடலாம்.