மதிப்புரையும் மறுமொழியும்

தில்லியில் வாழும் என் அத்தை, வீட்டில் ஆவக்காய் ஊறுகாய் செய்து இணைய அங்காடி ஒன்றின் வழியே விற்று வருகிறார். சென்ற கோடையில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் இட்டு இவ்வாறு எழுதியிருந்தார்: "புட்டி கசிந்து பெட்டி முழுவதும் எண்ணெய். ஏமாற்றுக்காரர்கள். யாரும் வாங்காதீர்கள்."

அத்தையின் மகனுக்குக் கோபம் பொங்கியது. "நீங்கள்தாம் புட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள்" என்று உடனே எழுத முனைந்தான். அத்தை அவனைத் தடுத்தார். அந்த மதிப்புரையில் ஏசல் ஒன்று, செய்தி ஒன்று என இரண்டு இருப்பதாகச் சொன்னார். ஏசலை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் ஆராய்ந்தார். அதே நாளில் அனுப்பக் கட்டிவைத்து எஞ்சியிருந்த புட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தபோது, இரண்டில் மூடி தளர்ந்திருந்தது. மாலையில் அவர் எழுதிய மறுமொழி இது: "எண்ணெய் கசிந்ததற்கு வருந்துகிறோம். மூடி தளர்ந்திருந்ததை நாங்களும் கண்டோம். இனி மூடியின்மேல் உறையிட்டு அனுப்புவோம். வேறு புட்டியோ முழுப் பணமோ, தாங்கள் விரும்பியதைத் தருகிறோம்." வாங்கியவரின் பெயரையோ ஊரையோ அவர் அதில் குறிப்பிடவில்லை. ஏனெனில் அம்மறுமொழியை அவர் ஒருவர் மட்டும் படிப்பதில்லை. வாங்கலாமா என்று தயங்கி நிற்கும் புதியவர்களும் படிக்கின்றனர்.

நானோ வாங்குபவனாக நின்று இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டேன். 899 ரூபாய்க்கு வாங்கிய மின்கெண்டி நான்காம் நாளே சூடேறாமல் நின்றது. அதைப் படத்துடன் மதிப்புரையாக எழுதினேன். மறுநாள் விற்பனையாளர் தொலைபேசியில் அழைத்தார். "சார், அதை நீக்கிவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் பணம் வந்துவிடும்" என்றார். நீக்கிய பின் அவர் பணம் தராவிட்டால் என் கையில் என்ன இருக்கும்? பேச்சுக்குச் சான்றும் இல்லை. எனவே, சொன்னதை எழுத்தில் அனுப்புமாறு கேட்டேன். அவர் அனுப்பினார், அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கலாகாது. மதிப்புரையை நீக்கினால்தான் பணம் என்னும் நிபந்தனை அதில் இல்லை. அங்காடியின் குறைதீர் அலுவலருக்கு அந்தப் படத்தையும் இணைத்து எழுதினேன். அவர் 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்க எண்ணியிருந்தேன். அதற்குத் தேவை ஏற்படவில்லை. ஒன்பதாம் நாள் பணம் வந்தது.

மதிப்புரையை நான் நீக்கவில்லை. "பணம் திரும்பக் கிடைத்தது" என்று அதன்கீழ் ஒரு வரி சேர்த்தேன்; அதுவும் உண்மைதானே! விற்பவர் மறுமொழி எழுதுவதற்குரிய இடம் மட்டும் இன்றுவரை வெறுமையாகவே உள்ளது.